ஐப்பசித் துணிக்குச் சித்திரையில் என்ன வேலை?

தீபாவளிக்கு எடுத்த துணிக்குத் தீபாவளியன்று அதிக வேலை இல்லை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி முன்னால் மஞ்சள் தடவி வைத்த துணியை எடுத்து உடுத்தி, பெரியவர்கள் காலில் விழுந்து, நாலு சரம் வெடித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்துத் திரும்பும்போது பத்து, பதினோரு மணி ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதிப் பேர் பழைய கைலிக்கும் நைட்டிக்கும் மாறிவிடுவார்கள். ஆகமொத்தம் ஏழெட்டு மணி நேரம். அடுத்த தீபாவளி வரைக்கும் அது உடம்பில் ஏறுமா, பீரோவின் அடித்தட்டிலேயே கிடக்குமா என்ற கேள்வியை ஜவுளிக்கடைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது யாரும் கேட்டுக்கொள்வதில்லை. கண்ணாடி காட்டுவதெல்லாம் அந்த ஏழெட்டு மணி நேரத்தைத்தான்.

பணம் இருக்கிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. போனஸை நம்பியிருக்கிற வீட்டில்தான் கணக்கு இறுக்கிப் பிடிக்கிறது. சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துத்தான் பல இடங்களில் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் வருடத்துக்குக் கையில் வருவது ஏறக்குறைய ஏழாயிரம். 20 சதவீதம் தரும் அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் போன்ற இடங்களிலும் அதே 7,000 உச்சவரம்பில் 16,800 வரும். ஏழாயிரத்தில் எண்ணெய், மாவு, வெல்லம், பட்டாசு எல்லாம் போக ஜவுளிக்கு ஐந்தாயிரம் ஒதுக்க முடிந்தால் அது நல்ல வருடம்.

மதுரைப் பக்கம் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவர் மொத்தவியாபாரக் கடை ஒன்றில் சரக்கு பார்க்கிறவர், டி.வி.எஸ். 50இல் போய்வருகிறவர். மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் சேலை. பையன் பத்தாவது, பெண் நாலாவது. நாலு பேர், ஐந்தாயிரம் ரூபாய். ஆளுக்கு 1,250 என்று பிரித்தால் கேட்க நியாயமாக இருக்கும்; ஆனால் அப்படிப் பிரித்தவுடனே திட்டம் கெட்டுவிடும். ஒவ்வொருவரின் சாதாரண நாளும் வேறு மாதிரி. முதலில் எழுத வேண்டியது அந்த நாட்களை: மனைவிக்கு வேலைக்குப் போகும் நாள், பையனுக்கு டியூஷன், பெண்ணுக்குப் பள்ளியில் கலர் டிரெஸ் போட விடுகிற பிறந்தநாளும் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலும், கணவருக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். துணி அந்த நாளுக்குத்தான் எடுக்கப்படுகிறது; தீபாவளி அதன் முதல் நாள், அவ்வளவுதான்.

மனைவியின் சேலையிலிருந்து தொடங்கலாம். விலைச்சீட்டில் இருப்பது சேலையின் விலையே இல்லை என்பது இங்கேதான் முதலில் தெரியும். ஆயிரம் ரூபாய்ச் சேலை உடுத்தும் நிலைக்கு வருவதற்குள் ஃபால்ஸ் வைக்க வேண்டும், முந்தியில் ஓரம் அடிக்க வேண்டும், ரவிக்கைக்கு லைனிங் துணி வாங்க வேண்டும், தையற்கூலி கொடுக்க வேண்டும், பொருந்துகிற உள்பாவாடை இல்லாவிட்டால் அதுவும் வாங்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து சேலை விலையில் பாதியைத் தொட்டுவிடும். துணிக்கடையில் ஐந்தாயிரத்தையும் செலவழித்துவிட்டு வந்தவர்கள் தையற்கடை வாசலில் நின்று கடன் சொல்வது இதனால்தான்.

கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தருவது வழக்கம். 1,300 ரூபாய் போட்டிருக்கும் ஒரு செட்டிநாட்டுக் கைத்தறிப் பருத்திச் சேலை அந்தக் கணக்கில் 910க்கு வரும். ஃபால்ஸும் ஓரமும் 100, லைனிங் 90, தையற்கூலி 300 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,400. இந்தக் கூலிகள் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். ஆனால் துணிக்கு மேலே பாதி என்ற விகிதம் அதிகம் மாறுவதில்லை.

ஏன் செட்டிநாட்டுச் சேலை? செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்களில் அகலமான கரை. உடல் பகுதியில் கட்டமோ வெறும் நிறமோ மட்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி இந்த வகையைச் சேர்ந்ததுதான். இதன் பண்டிகைக் களை முழுக்க நிறங்களின் மோதலிலிருந்து வருகிறது, ஜரிகையிலிருந்து அல்ல. அந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த விலையில் கிடைக்கும் ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையின் மேல் உலோகப் பூச்சு பூசியது. நாலைந்து துவைப்பில் மினுமினுப்புப் போய் ஓரத்தில் இழை தூக்கிக்கொண்டு கணுக்காலைக் கீறும். வாஷிங் மெஷினில் போட முடியாது, முறுக்கிப் பிழிய முடியாது, சூடான இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் படக் கூடாது. இத்தனை பத்தியம் இருக்கிற சேலையை ஒரு பெண் காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு எப்படிக் கட்டுவார்? நூலிலேயே நெய்த கரைக்கு இந்தப் பத்தியம் எதுவும் இல்லை. உடல் பகுதி எதைத் தாங்குமோ அதையே கரையும் தாங்கும்.

பருத்தி என்றவுடன் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதாக எழுதுகிறவர்கள் துணி துவைக்காதவர்கள். தடித்த பருத்திச் சேலை ஐப்பசி, கார்த்திகை மழையில் காய ஒரு முழு நாளுக்கு மேல் எடுக்கும். அரைகுறை ஈரத்தோடு மடித்து வைத்தால் மடிப்புக்குள் கரும்புள்ளி விழும், அந்தப் பூஞ்சணப் புள்ளி பிறகு போகவே போகாது. சிவப்பும் கறுப்பும் முதல் இரண்டு மூன்று துவைப்பில் சாயம் விடும், தனியாகத்தான் அலச வேண்டும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கட்டினால்தான் அழகு என்று நினைத்தால் ஒவ்வொரு தடவையும் இஸ்திரிக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டும்; வருடக் கடைசியில் அது சேலை விலையில் கணிசமான பங்காக நிற்கும். வேலைக்குக் கட்டுகிற சேலைக்குக் கஞ்சி வேண்டாம். லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு பேர் நுனியைப் பிடித்து இழுத்து மடித்து, ஓர் இரவு மெத்தைக்கு அடியில் வைத்தால் போதும்.

ஆனால் சித்திரை வரும்போது பருத்தி தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். சாதாரணக் காற்றில் பருத்தி நூல் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. ஆர்ட் சில்க் என்றும் சாஃப்ட் சில்க் என்றும் ஐந்நூறு அறுநூறுக்குக் கிடைக்கும் சேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம். ஐப்பசிக் குளிரில் கடைக்குள், அதுவும் ஏ.சி.யில், அவை வழுவழுவென்று சுகமாக இருக்கும். மேயில் மின்விசிறி நின்றுபோன மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் எட்டு மணி நேரம் அதை உடுத்தியிருப்பது வேறு கதை. தீபாவளித் துணி மழைக்காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு வெயில்காலத்தில் தோற்றுப்போகிறது என்பதை அநேகமாக எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சேலை சாதாரண நாளுக்கு வருமா வராதா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது ரவிக்கை. இதைப் பெண்கள் எல்லாரும் அறிவார்கள்; ஆனாலும் தீபாவளி நேரத்தில் மறந்துவிடுகிறார்கள். சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் துணியில் ஆரி வேலை, கல், முத்து, முதுகில் கயிறும் தொங்கலும் என்று செய்து வாங்கிவிட்டால், வேலை செய்த கூலி சேலை விலையைத் தாண்டும். அந்த ரவிக்கையோடு அந்தச் சேலையை வேலைக்குக் கட்டிப்போக முடியாது. வேறு ரவிக்கை தைக்க அந்தத் துணியும் மிச்சமில்லை. நல்ல சேலை ஒன்று ரவிக்கையால் பீரோவுக்குள் போய்விடும். அதற்குப் பதிலாகக் கையில் மட்டும் சேலைக் கரையை வைத்து, மற்றதை வெறுமையாகத் தைத்துக்கொண்டால், தீபாவளிக்கும் எடுப்பு. மறுவாரம் வேலைக்கும் உறுத்தாது. அரக்கு, பாட்டில் பச்சை, கடுகு, கறுப்பு ஆகிய நான்கில் ஒரு நிறத்தில் ரவிக்கை அமைந்தால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு மூன்று சேலைகளுக்கும் அது போகும். அதாவது 1,400 ரூபாயில் ஒரு சேலை வந்ததோடு, ரவிக்கை கிழிந்துபோனதால் ஓரம்கட்டப்பட்ட இன்னொரு பழைய சேலையும் வெளியே வரும்.

லைனிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ரவிக்கை முதல் துவைப்பிலேயே சுருங்கி, மேல் துணி கொப்புளம் கொப்புளமாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள், தையல்காரரைத் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் லைனிங் துணியை நனைக்காமல் தைத்தது. பருத்தி லைனிங் முதல் தண்ணீரில் சுருங்கும், மேல் துணி அதே அளவு சுருங்காது, இரண்டையும் சேர்த்துப் பிடித்த தையல் இழுக்கும். தீபாவளி நெருக்கடியில் தையல்காரர் நனைத்துக் காயவைத்துக்கொண்டிருக்க மாட்டார். வாங்கிய அன்று ராத்திரி வாளியில் ஊறவைத்து, மறுநாள் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பது வீட்டுக்காரர்களின் வேலை. ரவிக்கைத் துணி பருத்தியாக இருந்தால் அதையும் சாயம் பார்த்துத் தனியாக நனைத்துவிடுவது நல்லது.

இனி பெண் குழந்தை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் திட்டம் உடைகிறது. கடையில் தொங்கும் வலைத்துணி கவுன், உள்ளே விறைப்பாக நிற்க வைக்கும் கேன்கேன் அடுக்கு, இடுப்பில் ஒட்டவைத்த பூ; அதன் மேல் குழந்தையின் கண் போய்விட்டால் பிறகு பேச்சே கிடையாது. 1,500, 2,000 என்று விலை. போட்ட ஒரு மணி நேரத்தில் இடுப்பு அரிக்கும். தவிர, அது பாலியஸ்டர். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பட்டாசு வெடிக்கிற நாளுக்கு அதைவிடப் பொருந்தாத உடுப்பு இல்லை. அடுத்த வருடம் சின்னதாகிவிடும்.

பாவாடை சட்டை பழைய காலத்து உடுப்பு என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. வளரும் குழந்தைக்காகவே யோசித்து அமைந்த உடுப்பு அது. அதன் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நாலாவது படிக்கும் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுமார் 30 அங்குலம் இருக்கும். 44 அங்குல அகலத்தில், ஒரு பக்கம் கரை போட்ட பருத்தித் துணி இரண்டரை மீட்டர் எடுத்தால், துணியின் அகலமே பாவாடையின் உயரம். கரை கீழே வரும், அதனால் கீழே மடித்துத் தைக்க வேண்டியதில்லை. உயரத்துக்கு 30, இடுப்பு மடிப்புக்கு 1, இரண்டு டக்குகளுக்கு 3, ஆக 34 அங்குலம். மிச்சம் 10 அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் நீளப் பட்டை ஒன்று கிடைக்கும். அதைத் தையற்கடையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. சட்டையின் கை விளிம்புக்கும் கழுத்துப் பட்டிக்கும் அதுதான்.

டக் என்பது கரைக்குச் சற்று மேலே துணியை மடித்துப் பிடித்து ஓட்டுகிற தையல். முக்கால் அங்குல ஆழத்தில் ஒரு டக் பிடித்தால் ஒன்றரை அங்குலத் துணி அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒன்பது வயதுக் குழந்தை வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். அதில் இடுப்புக்குக் கீழே சேர்வது பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அதாவது மூன்று மூன்றரை சென்டிமீட்டர். ஒன்றரை அங்குலம் என்பது 3.8 சென்டிமீட்டர். ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் ஒரு வருடம் நகரும். இரண்டு டக் இருந்தால் மூன்று தீபாவளி வரை அதே பாவாடை. பாட்டிகள் இந்த எண்களை எழுதிவைக்கவில்லை, ஆனால் அவர்களின் விரல் அளவு இதற்கு மிக அருகில்தான் இருந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. டக்கைப் பிரிக்கும்போது உள்ளே இருந்த துணி பளிச்சென்றும் வெளியே இருந்தது வெளுத்தும் ஒரு கோடு தெரியும். கரும்பச்சை, நீலம் போன்ற வெறும் நிறங்களில் அது அசிங்கமாகவே தெரியும். இரண்டு வழிகள் உள்ளன. டக்கை வெளிப்பக்கம் விடாமல் உட்பக்கமாக, கரை தொடங்குகிற இடத்தை ஒட்டிப் பிடிக்கச் சொல்வது ஒன்று. பிரித்த பிறகு கோடு கரையோடு கலந்துவிடும். சின்னப் பூப்போட்ட துணியாகவோ சுங்குடிப் புள்ளி போட்டதாகவோ எடுப்பது மற்றது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரச் சமூகத்தினர் விரல் நுனியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து எடுப்பது அசல். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகக் குழிந்து நிற்கும். புள்ளியை அச்சில் போட்ட மலிவு ரகம் வழுவழுவென்றிருக்கும். குழந்தையின் பாவாடைக்கு அந்த மலிவு ரகமே தாராளமாகப் போதும். டக் கோட்டைப் புள்ளிகள் விழுங்கிவிடும்.

சட்டையை வழக்கமான பாவாடைச் சட்டை மாதிரி இடுப்போடு நிறுத்தாமல் மூன்று அங்குலம் கீழே இறக்கித் தைத்தால், மற்ற நாட்களில் லெகிங்ஸ் மேலேயோ பேன்ட் மேலேயோ அதைத் தனியாகப் போடலாம். பக்கத் தையலில் முன்னும் பின்னும் ஒவ்வொரு அங்குலம் துணி உள்ளே விட்டிருந்தால், அடுத்த வருடம் அரை அங்குலம் பிரித்துவிட்டாலே சுற்றளவில் இரண்டு அங்குலம் கூடும்: இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு துண்டு, துண்டுக்கு அரை அங்குலம். பாவாடைத் துணி 350, சட்டைத் துணி 150, லைனிங் 100, கூலி 350, ஆக 950. குழந்தைக்குப் பளபளப்பு வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசைதான். அதை வளையலிலும் தலைக்கு வைக்கும் பேண்டிலும் கொடுத்துவிடலாம், அவை சின்னதாகிப்போவதில்லை.

ஒரே பீஸிலிருந்து வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் சட்டை தைத்துப்போட்ட காலத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சிரிப்போடு நினைவுகூர்வார்கள். அண்ணன், தம்பி, சித்தப்பா பையன், எல்லாரும் ஒரே பூப்போட்ட சட்டையில் வரிசையாக நிற்கும் புகைப்படம் பல வீடுகளில் உண்டு. அது வறுமையின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. நீளமான ஒரே துணியில் பெரிய சட்டையின் இடுக்குகளுக்குள் சின்னச் சட்டையின் கையும் காலரும் வெட்டிவிடலாம், துணி மிச்சம். “வளர்ற பையன், கொஞ்சம் லூசாவே தைங்கண்ணே” என்று அம்மா சொல்ல, தையல்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே ஒரு விரல் அகலம் துணி விடுவார். அண்ணன் சட்டை தம்பிக்குப் போய், அங்கே பிரித்த தையல் இங்கே மறுபடி பிடிக்கப்படும்.

ரெடிமேட் வந்தபோது காணாமல் போனது அந்த ஒரு விரல் அகலம். ரெடிமேட் சட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: பக்கத் தையலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் துணி, அதையும் ஓவர்லாக் அடித்து நறுக்கியிருப்பார்கள். லட்சக்கணக்கில் வெட்டுகிற கம்பெனிக்கு உள்ளே விடுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் பணம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டையை ஒரு அங்குலம்கூடப் பெரிதாக்க முடியாது. ரெடிமேட் மலிவு என்று சொல்வது முதல் வருடக் கணக்கு. வளர்ந்து முடித்தவர்களுக்கு அது சரியாக வரும், வளர்கிறவர்களுக்கு வராது.

இந்த இடத்தில் பத்தாவது படிக்கும் பையனின் பாடு கொஞ்சம் சிக்கலானது. தைத்த பேன்ட்டை அவன் போடமாட்டான், அதைப் பற்றி வாதாடிப் பயனில்லை. ஜீன்ஸ் எடுத்தால், நல்லவேளையாக, அதன் கால்நீளம் எல்லாருக்கும் பொருந்தும்படி கூடுதலாகவே வரும். கடையில் இலவசமாகவோ ஐம்பது ரூபாய்க்கோ ஆல்டர் செய்து தருகிறார்கள். அளவெடுத்துக் கீழே கத்தரித்துத் தைப்பதுதான் அவர்களின் வழக்கம். அங்கே நின்று, “கட் பண்ணாதீங்க தம்பி, உள்ள மடிச்சு அடிங்க” என்று சொல்ல வேண்டும். இரண்டு அங்குலம் உள்ளே மடிந்திருந்தால் அடுத்த ஆனியில் பிரித்துவிடலாம். மடிப்புக் கோடு தெரியும்தான். ஜீன்ஸில் அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அடர்நீலம் எடுத்தால் தீபாவளிக்கும் டியூஷனுக்கும் போகும். முழங்காலில் கிழித்துவிட்ட ரகத்தைக் கோயிலுக்குப் போட அம்மா விடமாட்டார், அந்தச் சண்டையும் கணக்கில் சேரும். சட்டைக்குப் பருத்தி பாலியஸ்டர் கலந்த துணியே நல்லது: மழையில் சீக்கிரம் காயும், பையன்கள் இஸ்திரி போட மாட்டார்கள். ஜீன்ஸ் 850, ஆல்டர் 50, சட்டை 550, மொத்தம் 1,450. வீட்டிலேயே அதிகச் செலவு அவனுக்குத்தான், அதிகம் உடுத்தப்போவதும் அவன்தான்.

கணவருக்கு வரும்போது வழக்கமான அந்த வசனம் வரும்: “எனக்கு எதுக்கு, போன வருசத்துதே புதுசா இருக்கு.” தியாகம் போலத் தோன்றினாலும் திட்டமாகப் பார்த்தால் இது தப்பு. தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகை வரும், போட்டுப்போக ஒன்றும் இருக்காது, முதல்நாள் ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே எந்த விலைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்குவார். தீபாவளியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் கூடுதலாகவே போகும். அரைக்கைச் சட்டை ஒன்று 650க்கு; வெள்ளை வேண்டாம், தினமும் வண்டி ஓட்டுகிறவருக்குக் காலரும் கைமடிப்பும் மாதத்துக்குள் பழுத்துவிடும். சந்தன நிறமோ வெளிர்நீலமோ என்றால் வேட்டிக்கும் பொருந்தும், பேன்ட்டுக்கும் பொருந்தும். நாலு முழ வேட்டி, ஒரு விரல் அகல நூல் கரையோடு, 400க்கு. எட்டு முழத்துக்கு விசேஷத்தைத் தவிர வேறு நாள் கிடையாது. நாலு முழம் சாயங்காலம் வீட்டில் கட்டவும் உதவும். ஆக 1,050.

1,400, 950, 1,450, 1,050. கூட்டினால் 4,850. மிச்சம் 150 ரூபாய் வளையலுக்கும் தலைக்கு வைக்கும் பேண்டுக்கும் பஸ்ஸுக்கும் போகும். உள்பாவாடைக்கு இதில் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால் வீட்டில் இருக்கும் உள்பாவாடைக்குப் பொருந்துகிற நிறத்தில்தான் சேலை எடுக்க வேண்டும். அந்த உள்பாவாடையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு நூலைக் கடைக்குக் கொண்டுபோனால் போதும். கடை வெளிச்சத்தில் ஞாபகத்தை நம்பி நிறம் பார்ப்பது வீண் வேலை.

இந்தத் திட்டம் நடக்க வேண்டுமானால் நாள்கணக்கு முக்கியம். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தையற்கடைகளில் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ அட்டை தொங்கிவிடும். போனஸோ பல இடங்களில் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். ஏழைக் குடும்பங்கள் ரெடிமேடுக்குத் தள்ளப்படுவதற்கு விருப்பத்தைவிட இந்த இடைவெளிதான் பெரிய காரணம். தைக்க வேண்டியவற்றை, அதாவது சேலையையும் குழந்தையின் துணியையும், புரட்டாசிக்குள் எப்படியாவது சீட்டுப் பணத்திலோ சேமிப்பிலோ எடுத்துவிட்டு, ரெடிமேட் சட்டை, ஜீன்ஸ், வேட்டியை போனஸ் வந்தபின் எடுக்கலாம். ஆடித் தள்ளுபடியில் எடுப்பதும் கெட்டிக்காரத்தனமே. கல்யாணம் இல்லாத மாதத்தில் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் வந்த தள்ளுபடி அது. விலை நிஜமாகவே குறையும். பழைய சரக்கும் அதில் கலந்து வரும். துணியை முழுக்க விரித்து, மடிப்பு விழுந்த கோட்டில் வெளுப்போ பழுப்போ இருக்கிறதா என்று வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். ஈரக் கைக்குட்டையை மூலையில் அழுத்தித் தேய்த்தால் சாயம் எவ்வளவு விடும் என்பது தெரியும். விரல்களுக்கிடையே கசக்கினால் வெள்ளை மாவு உதிர்கிற துணியில் நெசவு நெருக்கம் குறைவு, கஞ்சியை ஏற்றிக் கனமாக்கியிருக்கிறார்கள். முதல் துவைப்பில் வலை மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக மஞ்சள். புதுத்துணியில் மஞ்சள் தடவாமல் உடுத்துவது நம் வீடுகளில் நடக்காது, நடக்கவும் வேண்டாம். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் செக்கச்செவேலென்று ஆகும்; அதைப் பார்த்துப் பதறிப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துணியைக் கெடுப்பவர்கள் உண்டு. நன்றாக அலசி வெயிலில் போட்டால் அதுவாகவே மங்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. ஐப்பசியில் அந்த வெயில்தான் கிடைக்காது. ஆகவே சட்டையில் கீழ்மடிப்பின் உட்புறத்திலும், சேலையில் இடுப்புக்குள் செருகப்படும் உள்முனையிலும், வெறும் மஞ்சளை மட்டும் ஒரு பொட்டு வைத்தால் போதும். கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருக்கும், அது எந்த வெயிலுக்கும் போகாது.

தையற்கடைக்குத் துணி கொடுக்கும்போது மாடலைப் பற்றிப் பேசி முடித்த பிறகு இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே எவ்வளவு விடுவீர்கள்? அரை அங்குலம் என்று பதில் வந்தால் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். துணி போதாது என்று சொன்னால் கால் மீட்டர் கூட்டி எடுத்துக்கொடுங்கள். முப்பது, நாற்பது ரூபாய் ஆகும். இதற்குத் தனிக்கூலி பொதுவாக யாரும் கேட்பதில்லை.